புத்தகப் பக்கங்களைப் போனில் படமெடுத்து, நடு மடிப்பின் வளைவை நிமிர்த்தி, சுத்தமான பிடிஎஃப் ஆக்குவது: முழுமையான வழிகாட்டி

எங்கள் படிப்பு வட்டத்துக்காகப் பல நூல்களின் அத்தியாயங்களைப் போனில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். புதிதாக இந்த வேலையில் இறங்கும் பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். புத்தகத்தை விரித்து வைத்து மளமளவென்று படமெடுத்துவிட்டு, "வளைவை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இரண்டு மூன்று சொற்கள் படிக்க முடியாமல் போயிருக்கும்.

காரணம் எளிது. நடு மடிப்பை நோக்கித் தாள் சரியும் இடத்தில் கேமரா எழுத்துகளைச் சாய்வாகப் பார்க்கிறது. தாள் அங்கே 60 பாகை சாய்ந்திருந்தால், எழுத்தின் அகலம் சரிபாதியாகத்தான் படத்தில் பதியும். மென்பொருள் அதை மறுபடி முழு அகலத்துக்கு இழுத்துவிடும். ஆனால் பதியாமல் போன புள்ளிகளை அதனால் கொண்டுவர முடியாது. ஆகவே வளைவின் பெரும்பகுதியைப் படமெடுக்கும்போதே போக்கிவிட வேண்டும். மிச்சமிருக்கும் சிறு வளைவை மட்டும் மென்பொருளிடம் விடலாம். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த எண்ணத்தில் அமைந்ததுதான்.

உதாரணத்துக்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்கிறேன்: தடித்த பைண்டிங் உள்ள ஒரு நூலில் 41 முதல் 88 வரை, 48 பக்கங்கள். பக்க உயரம் 21.5 செ.மீ.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போன், அதை மேசைக்கு மேலே கீழ்நோக்கிப் பிடித்து நிற்கும் ஒரு தாங்கி, கறுப்புத் துணி, ஒரு கறுப்புத் தாள், உள்ளங்கை அளவுக் கண்ணாடி (முகம் பார்ப்பது), புத்தகத்தின் ஒரு பாதியைச் சாய்த்து வைக்கக் கனமான ஒரு பெட்டி. தாங்கி இல்லாமல் கையில் பிடித்து எடுக்க வேண்டாம். ஒவ்வொரு படத்திலும் கோணம் மாறும், பின்னால் 48 பக்கங்களையும் தனித்தனியே திருத்த வேண்டி வரும்.

கணினியில் ScanTailor Advanced, img2pdf, ocrmypdf, qpdf ஆகிய நான்கும் வேண்டும். எல்லாமே இலவசம். கீழே வரும் கட்டளைகள் லினக்ஸிலும் மேக்கிலும் அப்படியே ஓடும். விண்டோஸில், அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் WSL வழியாக ஓட்டலாம்.

போன் அமைப்பில் ஒன்றை முன்கூட்டியே மாற்றுங்கள். ஐபோன் என்றால் கேமரா அமைப்பில் Formats என்பதில் Most Compatible என்று வையுங்கள். இல்லாவிட்டால் படங்கள் HEIC வடிவில் சேமிக்கப்படும், ஸ்கேன்டெய்லர் அவற்றைத் திறக்காது.

பதிப்புரிமை உள்ள நூலாக இருந்தால் தேவையான பகுதியை மட்டும் எடுங்கள், கோப்பு வட்டத்தைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எடுக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

## 2. புத்தகத்தைப் பாதியாக மட்டும் திறங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

புத்தகத்தை 180 பாகைக்கு விரிக்காதீர்கள். வலது பாதி மேசைமேல் படுத்திருக்க, இடது பாதி பெட்டிமேல் சாய்ந்து நிற்கட்டும். இரண்டுக்கும் நடுவே 100 முதல் 110 பாகை இருந்தால் போதும். முழுதாக விரிக்கும்போது பைண்டிங் இரண்டு பக்கத் தாள்களையும் உள்ளே இழுக்கிறது. நாம் திட்டும் அந்த வளைவு அதனால் வருவதுதான். பாதி திறப்பில் இழுப்பு குறைவு. படுத்திருக்கும் பக்கம் கிட்டத்தட்ட மடிப்பு வரை தட்டையாகவே கிடக்கும். புத்தகத்தின் முதுகுக்கும் நல்லது, இரவல் புத்தகத்தைப் பிளந்து திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் எடுக்க முடியும். முதல் சுற்றில் வலப்பக்கங்கள் எல்லாம்: 41, 43, 45 என்று 87 வரை, 24 படங்கள். பிறகு பெட்டியை வலப்புறம் மாற்றி, வலது பாதியைச் சாய்த்து, இடப்பக்கங்கள்: 42 முதல் 88 வரை, இன்னொரு 24. ஒவ்வொரு பக்கத்துக்கும் புத்தகத்தை மாற்றி மாற்றிச் சாய்க்க வேண்டாம். அப்படிச் செய்தால் நேரமும் போகும், சட்டகமும் நகர்ந்துவிடும்.

இரண்டு பக்கங்களையும் ஒரே படத்தில் எடுத்தால் தெளிவு குறையுமே என்று சிலர் அஞ்சுவார்கள். 12 மெகாபிக்சல் போனில் அந்தக் குறைவு பெரிதல்ல. அங்கே உண்மையான சிக்கல் வளைவுதான்.

## 3. கேமராவை நேர்செங்குத்தாக நிறுத்துங்கள்

போனைப் பக்கத்திலிருந்து 40 முதல் 50 செ.மீ. உயரத்தில் வையுங்கள். மிக அருகே வைத்தால் சிறு மேடுபள்ளம்கூடப் பெரிதாகத் தெரியும். பக்கம் சட்டகத்தில் சிறிதாகத் தெரிகிறது என்றால், போனில் தனி ஜூம் லென்ஸ் இருக்கும்பட்சத்தில் அதைப் பயன்படுத்துங்கள். அகல லென்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

செங்குத்தாக இருக்கிறதா என்று கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். பக்கத்தின் நடுவில் சிறு கண்ணாடியைப் படுக்க வையுங்கள். திரையில் பாருங்கள்: கண்ணாடியில் தெரியும் லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் மையத்தில் விழுந்தால் கேமரா செங்குத்தாக நிற்கிறது. விலகியிருந்தால் மையத்துக்கு வரும்வரை போனைச் சாயுங்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாவிட்டால் மேல்வரி நீளமாகவும் கீழ்வரி குறுகலாகவும் எல்லாப் பக்கங்களும் சரிவகமாக வரும்.

புத்தகத்துக்கு அடியில் கறுப்புத் துணியை விரியுங்கள். வெள்ளைத் தாளின் ஓரம் எங்கே முடிகிறது என்பதை மென்பொருள் கண்டுபிடிக்க இந்த நிற வேறுபாடு உதவும். தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து தெரிந்தால், எடுக்கும் பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாளைச் செருகுங்கள். தாள் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஆனால் பின்பக்க எழுத்து மறைந்துவிடும்.

## 4. வெளிச்சம் புத்தகத்தின் தலைப்பக்கத்திலிருந்து வரட்டும்

ஜன்னலோ விளக்கோ, எதுவாக இருந்தாலும் முதுகுக் கோட்டின் திசையிலேயே, அதாவது பக்கத்தின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரத்தை நோக்கி ஒளி விழ வேண்டும். தாள் இடவலமாகத்தான் வளைகிறது. ஒளி பக்கவாட்டில் வந்தால் அந்த வளைவின் ஒரு சரிவு வெளிச்சமாகவும் மறு சரிவு இருட்டாகவும் ஆகும். சாய்த்து வைத்த பாதியின் நிழலும் மடிப்பில் விழும். தலைப்பக்கத்திலிருந்து வந்தால் இரண்டும் இல்லை. சாய்ந்து நிற்கும் வெள்ளைப் பக்கம் மடிப்புக்குள் கொஞ்சம் ஒளியைத் திருப்பியும் அனுப்பும்.

ஃப்ளாஷை அணையுங்கள். வழவழத் தாளில் அது நடுவில் ஒரு வெள்ளைத் திட்டை உண்டாக்கும், அந்த இடத்து எழுத்து அழிந்தே போகும். சில எல்இடி விளக்குகளில் திரையில் குறுக்கே பட்டைகள் நகர்வது தெரியும். அப்படித் தெரிந்தால் விளக்கை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

## 5. ஒரு சோதனைப் படம், பிறகு பூட்டு

திரையில் பக்கத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் போன் தானாக முடிவெடுக்கும். படம் நிறைந்த பக்கம் ஒரு நிறத்திலும் எழுத்துப் பக்கம் வேறு நிறத்திலும் வரும்.

இப்போது ஒரு படம் எடுத்து, மடிப்பை ஒட்டிய சொற்களைத் திரையில் முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ் நூல் என்றால் புள்ளியைத் தேடுங்கள். வழக்கமான எழுத்து அளவில் மெய்யெழுத்தின் புள்ளி அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது. அது தனியாக, எழுத்தின் தலையோடு ஒட்டாமல் தெரிந்தால் மற்ற எல்லாமே தெரியும். ஒட்டிக்கொண்டோ கரைந்தோ இருந்தால் குவியமோ தெளிவோ போதவில்லை. 48 பக்கங்களை எடுத்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

சரியாக இருந்தால், இரண்டு விநாடி டைமரிலோ இயர்போனின் ஒலிப் பொத்தானிலோ படமெடுங்கள். திரையைத் தொட்டால் போன் அதிரும். தாள் எழும்பி நின்றால் வெளி ஓரத்து வெற்றிடத்தில் ஒரு விரலால் லேசாக அழுத்துங்கள், எழுத்தின்மேல் விரல் வரக் கூடாது. கண்ணாடித் தகட்டை வைத்து அமுக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் விளக்கும் போனும் பிரதிபலிக்கும். பாதி திறப்பில் அதற்கான தேவை எனக்கு அபூர்வமாகத்தான் வந்திருக்கிறது.

## 6. கோப்பின் பெயரும் பக்க எண்ணும் ஒன்றாக இருக்கட்டும்

படங்களைக் கேபிள் வழியாகவே கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த புள்ளிகள் போய்விடும்.

வலப்பக்கப் படங்களை right என்ற கோப்புறையிலும் இடப்பக்கப் படங்களை left என்ற கோப்புறையிலும் போடுங்கள். முதலில் எண்ணுங்கள்: இரண்டிலும் 24 இருக்க வேண்டும். 25 இருந்தால் ஏதோ ஒரு பக்கத்தை இரண்டு முறை எடுத்திருக்கிறீர்கள். 23 இருந்தால் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு புரண்டிருக்கின்றன. எண்ணிக்கை சரியானதும்:

```
mkdir -p all
n=41; for f in right/*.[jJ][pP][gG]; do cp "$f" "$(printf 'all/%03d.jpg' $n)"; n=$((n+2)); done
n=42; for f in left/*.[jJ][pP][gG]; do cp "$f" "$(printf 'all/%03d.jpg' $n)"; n=$((n+2)); done
```

இப்போது 063.jpg என்ற கோப்பைத் திறந்தால் அச்சிட்ட பக்க எண் 63 தெரிய வேண்டும். தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடங்களில் பாருங்கள். ஒரு பக்கம் விடுபட்டு, இன்னொன்று இரட்டித்திருந்தால் எண்ணிக்கை 24 என்றே வந்துவிடும். இந்தச் சோதனைதான் அதைப் பிடிக்கும்.

## 7. ஸ்கேன்டெய்லரில் முதல் வேலை: உண்மையான டிபிஐ

all கோப்புறையைத் திறந்து புதிய திட்டம் தொடங்குங்கள். டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண். போன் படத்துக்குள் எழுதியிருக்கும் டிபிஐ பெரும்பாலும் 72 என்று இருக்கும். அதற்கும் பக்கத்துக்கும் தொடர்பே இல்லை. Fix DPI பெட்டியில் நாமே கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

நம் உதாரணத்தில் பக்க உயரம் 21.5 செ.மீ., அதாவது சுமார் 8.5 அங்குலம். படத்தில் பக்கத்தின் மேல் ஓரம் முதல் கீழ் ஓரம் வரை 3400 பிக்சல். 3400 ஐ 8.5 ஆல் வகுத்தால் 400. எல்லாப் படங்களுக்கும் 400 என்று கொடுங்கள். இது தவறினால் பக்க அளவு, ஓர வெற்றிடம், துகள் நீக்கம் எல்லாமே தவறான அளவில் கணக்காகும். விடை 300க்குக் கீழே வந்தால் போனை இன்னும் கொஞ்சம் இறக்கி மறுபடி எடுப்பதே நல்லது.

## 8. வெட்டு, நேராக்கல், உள்ளடக்கம்

Fix Orientation, Split Pages, Deskew ஆகிய மூன்றும் விரைவாக முடியும். Split Pages கட்டத்தில், சாய்ந்து நிற்கும் மறுபாதியின் ஓரமும் படத்தில் இருப்பதால், ஒரு பக்கமும் மறுபக்கத்தின் மிச்சமும் உள்ள நடு வகையைத் தேர்ந்தெடுங்கள். வெட்டுக்கோடு மடிப்பில் நிற்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். கோடு எழுத்துக்குள் போயிருந்தால் இழுத்து நகர்த்துங்கள்.

Select Content கட்டத்தில் நிதானம் வேண்டும். எழுத்துப் பகுதியைச் சுற்றி மென்பொருள் ஒரு பெட்டி போடும். அடியில் தனியாக நிற்கும் பக்க எண்ணை அது அடிக்கடி விட்டுவிடும். சில இடங்களில் துணியின் மடிப்பையும் சேர்த்துப் பெட்டிக்குள் இழுத்துக்கொள்ளும். 48 பெட்டிகளையும் வரிசையாகப் பார்ப்பதைவிட, சிறுபடங்களை அகலத்தின்படி வரிசைப்படுத்துங்கள். பிசகிய பெட்டிகள் இரு முனைகளிலும் வந்து குவிந்துவிடும். பிறகு உயரத்தின்படி ஒரு முறை.

இதைச் சரியாக முடிக்காமல் Margins கட்டத்துக்குப் போகாதீர்கள். அங்கே எல்லாப் பக்கங்களும் மிகப் பெரிய பெட்டிக்குச் சமமாக விரியும். ஒரே ஒரு பக்கத்தில் பெட்டி தவறாக அகன்றிருந்தாலும், 48 பக்கங்களிலும் எழுத்து சிறுத்து, சுற்றிலும் வெற்றிடம் வந்து நிற்கும். "என் பிடிஎஃப்பில் எழுத்து ஏன் இத்தனை சிறியது" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

## 9. மிச்ச வளைவை நிமிர்த்துவது

Output கட்டத்தில் Dewarping என்ற பகுதி இருக்கிறது. எல்லாப் பக்கங்களுக்கும் Auto கொடுத்துவிடும் ஆசை எழும். வேண்டாம். அது எழுத்து வரிகளைப் பின்தொடர்ந்து வளைவைக் கணக்கிடுகிறது. வரி குறைந்த பக்கம், அட்டவணை, படம் உள்ள பக்கங்களில் வழி தவறி, நேராக இருந்ததையும் நெளித்துவிடும். முதலில் எல்லாவற்றையும் Off இல் வைத்துப் பாருங்கள். பாதி திறப்பில் எடுத்திருந்தால் பெரும்பாலான பக்கங்களுக்கு எதுவுமே தேவைப்படாது. வரி மடிப்பருகே மேலோ கீழோ வளையும் பக்கங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கங்களுக்கு Manual கொடுங்கள். Dewarping தாவலைத் திறந்தால் படத்தின்மேல் ஒரு வலை தெரியும். அதன் மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் நாம் வளைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும்.

மேல்கோட்டைப் பக்கத்தின் முதல் முழு வரியின்மேல் வையுங்கள். கீழ்கோட்டைக் கடைசி முழு வரியின்மேல். பத்தி முடியும் பாதி வரியைத் தேர்ந்தெடுத்தால், வரி முடிந்த இடத்துக்கு அப்பால் கோட்டுக்குப் பிடிமானம் இருக்காது. கோட்டின்மேல் சொடுக்கினால் ஒரு புதிய புள்ளி கிடைக்கும், அதை இழுக்கலாம். வேண்டாத புள்ளியின்மேல் சுட்டியை வைத்து D அழுத்தினால் போய்விடும்.

புள்ளிகளை மடிப்பருகே வையுங்கள். பக்கத்தின் நான்கில் மூன்று பங்கு தட்டையாகவே இருக்கும், அங்கே ஒன்று போதும். வளையத் தொடங்கும் இடத்தில் ஒன்று, மடிப்பை ஒட்டி ஒன்று. நிறையப் புள்ளிகள் வைத்தால் வெளியீட்டில் வரிகள் அலைபோல் நெளியும். அந்த நெளிவு தெரிந்தாலே புள்ளி அதிகம் என்று அறியலாம்.

கோட்டை எழுத்தின் எந்த உயரத்தில் பொருத்துவது என்பதில் தமிழுக்கு ஒரு கவனம் தேவை. 'கு', 'து', 'ழு' போன்றவை கீழே இறங்கும், 'கி', 'கீ' மேலே சுழிக்கும். அந்தச் சுழிகளைத் தொட்டுக்கொண்டு போனால் கோடு மேடுபள்ளமாகும். 'க', 'ப', 'ட', 'ம' போன்ற எழுத்துகளின் அடிப்பகுதியை மட்டும் பார்த்துப் பொருத்துங்கள்.

வரி நேரானதும் அகலத்தைப் பாருங்கள். அதே 'க' பக்கத்தின் நடுவிலும் மடிப்பருகிலும் ஒரே அகலத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் Depth perception சறுக்கியை நகர்த்தி, இரண்டும் ஒத்துவரும் இடத்தில் நிறுத்துங்கள். எவ்வளவு நகர்த்தியும் மடிப்பருகே எழுத்து மங்கலாகவே இருந்தால், அது படத்திலேயே இல்லை. அந்தப் பக்கத்தை மறுபடி எடுங்கள். மென்பொருளோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட அது விரைவு.

## 10. கறுப்பு-வெள்ளை ஆக்கும்போது புள்ளியைக் காப்பாற்றுங்கள்

எழுத்து மட்டும் உள்ள பக்கங்களுக்கு Black and White, 600 டிபிஐ. புகைப்படம் உள்ளவற்றுக்கு Mixed. Equalize illumination தேர்வு இருக்கட்டும், மடிப்பருகே உள்ள மங்கல் கறுப்புத் திட்டாக மாறாமல் அது தடுக்கும்.

அடுத்து Despeckling. தூசிப் புள்ளிகளை நீக்குவதற்காக இருக்கும் இந்த வசதி, மெய்யெழுத்தின் புள்ளியையும் தூசி என்று எண்ணிவிடும். ஒரு முறை ஒரு பக்கத்தில் "பல்" என்பது "பல" என்று மாறி நின்றது. பார்த்தவுடன் பிழை என்று தோன்றாது, ஏனென்றால் அதுவும் ஒரு சொல். வட்டத்தில் ஒருவர் வாக்கியம் புரியவில்லை என்று கேட்டபோதுதான் மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். அன்றிலிருந்து தமிழ் நூலுக்கு இதை அணைத்தே வைக்கிறேன். அங்கங்கே தூசி தங்கினாலும் படிப்பதற்குத் தடையில்லை.

## 11. பிடிஎஃப் ஆக்குதல், தேடும் வசதி, பக்க எண்

all கோப்புறைக்குள் ஸ்கேன்டெய்லர் உண்டாக்கிய out கோப்புறையில் 041.tif முதல் 088.tif வரை இருக்கும்.

```
img2pdf all/out/*.tif -o a.pdf
ocrmypdf -l tam+eng --output-type pdf a.pdf b.pdf
qpdf b.pdf --set-page-labels 1:D/41 -- 41-88.pdf
```

முதல் கட்டளை படங்களை மறுபடி சுருக்காமல் கோக்கிறது. இரண்டாவது, எழுத்தை அடையாளம் கண்டு தேடும் வசதியைச் சேர்க்கிறது. அதற்கு ocrmypdf பயன்படுத்தும் டெசராக்ட் மென்பொருளின் தமிழ் மொழித் தொகுப்பை முன்பே நிறுவியிருக்க வேண்டும். மூன்றாவது, கோப்பின் முதல் பக்கத்துக்கு 41 என்று பெயர் வைக்கிறது. இது இல்லாவிட்டால் ஒருவர் "57ஆம் பக்கம்" என்று சொல்ல, மற்றவர்களின் திரையில் அது 17 என்று இருக்கும், பாதிப் பேர் வேறு பக்கத்தில் நிற்பார்கள். இந்த வசதி பழைய qpdf பதிப்புகளில் இல்லை. சில போன் செயலிகளும் இந்த எண்ணைக் காட்டுவதில்லை. அதற்காகத்தான் கோப்பின் பெயரிலேயே 41-88 என்று வைத்திருக்கிறேன், 40 ஐக் கழித்துக்கொள்ளலாம்.

## 12. அனுப்பும் முன்னும் பின்னும்

கோப்பை உங்கள் போனிலேயே திறந்து, எங்கேனும் ஐந்து பக்கங்களில் மடிப்பை ஒட்டிய சொற்களை மட்டும் படியுங்கள். வட்டத்தில் பலர் போனில்தான் படிப்பார்கள், கணினித் திரையில் சரியாகத் தெரிந்தது அங்கே தெரியாமல் போகலாம். அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள்.

மூலப் படங்களையும் ஸ்கேன்டெய்லர் திட்டக் கோப்பையும் உடனே அழிக்காதீர்கள். 63ஆம் பக்கத்தில் ஒரு வரி படிக்க முடியவில்லை என்று யாராவது சொன்னால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் அதே உயரத்தில் எடுத்து, 063.jpg என்ற பெயரிலேயே மாற்றி வைத்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் 8 முதல் 10 வரையுள்ள படிகளைச் செய்து, 11ஆம் படியின் மூன்று கட்டளைகளையும் மறுபடி ஓட்டினால் போதும். திருத்திய கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து அனுப்புங்கள், பழையதும் புதியதும் குழம்பாது.